பி.இ. 4 மலிவா, 55 மலிவா?

2022 மார்ச் இறுதியில் டாடா ஸ்டீல் பங்கு சுமார் 1,300 ரூபாய்க்கும் (பங்குப் பிரிப்புக்கு முந்தைய விலை), ஹிந்துஸ்தான் யூனிலீவர் சுமார் 2,050 ரூபாய்க்கும் விற்றன. விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தால் வருவது பி.இ. விகிதம். அந்த நிதியாண்டில் டாடா ஸ்டீல் பங்குக்கு ஈட்டிய லாபம் சுமார் 332 ரூபாய், ஆக பி.இ. 4. சோப்பும் ஷாம்பூவும் விற்கும் நிறுவனத்துக்கோ 55 வந்தது.

நாலு வருஷத்தில் போட்ட பணம் லாபமாகவே திரும்பிவிடும் என்றுதான் இந்த 4 சொல்வதுபோல் தோன்றும். ஆனால் அடுத்த வருஷமும் அதே லாபம் வந்தால்தான் அது உண்மை.

வரவில்லை. 2021-22-ல் டாடா ஸ்டீலின் மொத்த நிகர லாபம் சுமார் 41,700 கோடி. 2022-23-ல் அது சுமார் 8,100 கோடியாகச் சுருங்கியது. விற்பனை மட்டும் இரண்டு வருஷமும் ஏறக்குறைய 2.43 லட்சம் கோடிதான். எஃகு விலை இறங்கியது, உக்ரைன் போருக்குப் பின் எஃகு ஆலைக்குத் தேவையான கோக்கிங் நிலக்கரி விலை எகிறியது, மே 2022-ல் எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரியும் வந்தது. ஆலை ஓடுவதற்கான செலவு குறையாததால் விலையில் விழுந்த அடி முழுவதும் லாபத்தில் விழுந்தது. 2023-24-ல் சுமார் 4,900 கோடி நஷ்டம், நஷ்டத்துக்குப் பி.இ. போடவே முடியாது. யூனிலீவரின் லாபமோ சுமார் 8,800 கோடியிலிருந்து 10,100 கோடிக்கு மெதுவாக ஏறியது. 55-ஐ மலிவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடலாம்.

எஃகு, சிமென்ட், சர்க்கரை போன்ற, லாபம் மாறிமாறி ஏறி இறங்கும் சுழற்சித் தொழில்களில் பி.இ. தலைகீழாகவே பேசும். 2020 மார்ச்சில் எல்லோரும் பயந்து விற்றபோது டாடா ஸ்டீல் சுமார் 270 ரூபாய். லாபம் அதைவிட வேகமாக வற்றியிருந்ததால் பி.இ. 20-க்கு மேல். வாங்கவேண்டிய நேரத்தில் விலை அதிகம்போலக் காட்டி, லாபத்தின் உச்சியில் மலிவு என்று கைகாட்டியது.

இதற்கு நான் வைத்துக்கொள்ளும் வழி, ஒரு வருஷ லாபத்துக்குப் பதில் பல வருஷச் சராசரியால் வகுப்பது. 2019-20 முதல் 2021-22 வரையிலான மூன்று வருஷச் சராசரி சுமார் 17,000 கோடி. 2022 மார்ச் இறுதியில் எல்லாப் பங்குகளும் சேர்ந்த சந்தை மதிப்பு சுமார் 1.58 லட்சம் கோடி, ஆக பி.இ. 9. பின்னால் வந்த இரண்டு வருஷத்தையும் சேர்த்தால் 15-ஐ ஒட்டி வருகிறது. அந்த விலையில் வாங்கியவர் முட்டாள் இல்லை. பங்குப் பிரிப்பைக் கணக்கில் எடுத்தால், 2024 மார்ச்சில் பங்கு அதைவிட மேலேதான் இருந்தது. ஆனால் அவர் வாங்கியது 4 மடங்குப் பங்கை அல்ல, 15 மடங்குப் பங்கை. உச்ச வருஷத்தை அடையாளம் காண ஒரு எளிய சோதனை உண்டு: வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம் விற்பனையில் எத்தனை சதவீதம் என்று பத்து வருஷத்துக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். டாடா ஸ்டீலுக்கு 2021-22-ல் அது 26. அடுத்த வருஷம் 13.