ஓவியமாக மாற்ற எந்தப் படம்: இணையப் படமா, சொந்தப் படமா, பழைய ஓவியமா?

புகைப்படத்தை வாட்டர்கலர் போல மாற்றி அச்சடித்து விற்க நினைப்பவர்கள் எந்த ஃபில்டர் நல்லது என்று கேட்கிறார்கள், மூலப்படம் யாருடையது என்று கேட்பதில்லை. அந்தப் படத்தில் இரண்டு பேருக்கு உரிமை உண்டு. எடுத்தவருக்குப் பதிப்புரிமை, படத்தில் இருப்பவருக்குத் தன் முகத்தின் மேலான உரிமை. ஒருவர் சரி என்றால் மற்றவரும் சரி என்றதாகாது.

இணையத்தில் கிடைத்த படம்தான் மூன்றிலும் மோசமான தேர்வு. "நான்தான் நிறத்தையெல்லாம் மாற்றிவிட்டேனே" என்ற வாதம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் வழக்கே சாட்சி. பாடகர் பிரின்ஸைப் புகைப்படக்காரர் லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த படத்தை, ஒரே ஒரு முறை ஓவியத்துக்கு ஆதாரமாகப் பயன்படுத்த 1984இல் ஒரு பத்திரிகை 400 டாலருக்கு அனுமதி வாங்கியது. அந்த ஓவியத்தை வரைந்த வார்ஹோல் அதே படத்திலிருந்து மேலும் 15 ஆக்கங்கள் செய்துவிட்டார். 2016இல் பிரின்ஸ் இறந்ததும் அதில் ஒன்று இன்னொரு இதழின் அட்டைக்குப் போனது, வார்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டாலர், கோல்ட்ஸ்மித்துக்கு ஒன்றுமில்லை. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று கோல்ட்ஸ்மித் பக்கம் நின்றது. காரணம், இரண்டு படமும் பிரின்ஸைப் பற்றிப் பத்திரிகையில் போட விற்கப்படும் படங்கள்தான். தோற்றம் மாறியது மட்டும் போதவில்லை. தீர்ப்பு அந்த விற்பனையைப் பற்றியது மட்டுமே, வார்ஹோல் வரைந்ததே தவறு என்று அது சொல்லவில்லை. ஆனால் விற்பவருக்கு உதைப்பது அந்த இடம்தானே!

காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால் இந்தியாவில் நிலைமை வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே, அதாவது கல்யாண ஆல்பத்துக்குக் காசு கொடுத்தவருக்கே. பல ஸ்டுடியோ ரசீதுகளில் இதை மாற்றும் வரி இருக்கலாம், அதைப் படித்துப் பாருங்கள். ஆனால் அந்த ஆல்பத்தில் இருக்கும் தோழியின் முகத்தைக் காலண்டரில் போட அது உரிமை தராது. பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது தனியுரிமை மீறல் என்று 1994இல் ஆட்டோ சங்கர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நானாக இருந்தால் நானே எடுப்பேன், எந்தப் பாணி, எங்கே அச்சாகும், விற்பனைக்கா என்பதைச் சொல்லிப் படத்தில் இருப்பவரிடம் எழுத்தில் சம்மதம் கேட்பேன், முடிந்த படத்தையும் ஒரு முறை காட்டுவேன், ஏனென்றால் சாதாரணப் படத்துக்குச் சம்மதித்தவர் கேலிச்சித்திரத்துக்கும் சம்மதித்தார் என்று ஆகிவிடாது.

பழைய ஓவியத்தில் கணக்கு எளிது: இங்கே பதிப்புரிமை ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டு. 1906இல் மறைந்த ரவி வர்மாவைத் தாராளமாக எடுக்கலாம். 2011இல் மறைந்த எம்.எஃப். ஹுசைனை 2071 முடியும்வரை கேட்காமல் தொட முடியாது. தெருவில் இருப்பதிலும் ஒரு வேறுபாடு உண்டு. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையை வரையவும் படமெடுத்து வெளியிடவும் சட்டமே விலக்கு தருகிறது, சுவரில் வரைந்த ஓவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. அதனால் மெரினா சிலையை வாட்டர்கலராக்கி அச்சடிக்கலாம், கண்ணகி நகர்ச் சுவரோவியத்தை அப்படிச் செய்ய வரைந்தவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.