நூறு கோடி வினாடிகள்: எந்த ஆண்டால் வகுப்பது?

வினாடிகளை நாட்களாக மாற்றுவதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. 60 × 60 × 24 = 86,400 என்பதால், எவ்வளவு பெரிய எண்ணானாலும் அதை 86,400-ஆல் வகுத்தால் போதும். நாட்களிலிருந்து ஆண்டுக்குப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒரே நீளம் கிடையாது.

வழக்கத்தில் நான்கு மதிப்புகள் உள்ளன. 365 நாள் ஆண்டுக்கு 3,15,36,000 வினாடிகள். 365.25 நாள் கொண்ட ஜூலியன் ஆண்டுக்கு 3,15,57,600. இன்றைய கிரெகோரியன் நாட்காட்டியின் சராசரியான 365.2425 நாட்களுக்கு 3,15,56,952. நான்காவது, இயற்பியல் மாணவர்கள் மனக்கணக்குக்கு வைத்துக்கொள்ளும் π × 10⁷, அதாவது ஏறத்தாழ 3,14,15,927.

கணினிகளின் யூனிக்ஸ் நேரம் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து (உலகப் பொது நேரப்படி), லீப் வினாடிகளைச் சேர்க்காமல், வினாடிகளை எண்ணுகிறது. அது நூறு கோடியைத் தொட்டது 2001 செப்டம்பர் 9, அதிகாலை 1:46:40 மணிக்கு. விடை தெரிந்த கணக்கு என்பதால் நான்கையும் இதில் சோதித்துவிடலாம்.

நூறு கோடியை 86,400-ஆல் வகுத்தால் 11,574 நாட்களும் 6,400 வினாடிகளும் கிடைக்கின்றன. அந்த மீதிதான் 1 மணி 46 நிமிடம் 40 வினாடி. இனி 31 ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். 365-ஐக் கொண்டு கழித்தால் 259 நாட்கள் மிஞ்சி, விடை செப்டம்பர் 17-இல் போய் நிற்கிறது. இடையில் வந்த எட்டு லீப் நாட்களை விட்டுவிட்டதன் விளைவு இது. 365.25 சரியான தேதியைத் தந்தாலும், எட்டுக்குப் பதில் 7.75 லீப் நாட்களைக் கழிப்பதால் கடிகாரம் 7:46:40 என ஆறு மணி நேரம் முந்திவிடுகிறது. கிரெகோரியன் சராசரியின் பிழை இங்கு அதைவிடப் பெரிது, ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். π × 10⁷ அக்டோபர் 30-க்கே கொண்டுபோய்விடுகிறது. அதன் பிழை அரை விழுக்காட்டுக்கும் குறைவுதான், ஆனால் 31 ஆண்டுகளில் அதுவே ஏழு வாரத்துக்கு மேல் ஆகிறது.

ஆகவே தேதி வேண்டுமென்றால் எந்தச் சராசரியையும் நம்பாமல், நாட்களோடு நின்று, லீப் ஆண்டுகளை நாட்காட்டியிலேயே எண்ணுவதுதான் முறை. 1970 முதல் 2000 வரை 31 × 365 + 8 = 11,323 நாட்கள்; மீதி 251. ஜனவரி 1-ஐப் பூஜ்ஜியமாகக் கொண்டு எண்ணினால் 251-ஆவது நாள் செப்டம்பர் 9.

தேதி தேவைப்படாத, மிகப் பெரிய எண்களில் நிலைமை மாறுகிறது. லட்சம் கோடி வினாடிகள் ஜூலியன் கணக்கில் சுமார் 31,688.1 ஆண்டுகள், கிரெகோரியனில் 31,688.7, வேறுபாடு ஓர் ஆண்டைக்கூட எட்டவில்லை. 365-ஐப் பயன்படுத்தினாலோ 31,709.8 என்று ஏறத்தாழ 22 ஆண்டுகள் கூடிவிடுகின்றன. இந்த அளவில் ஜூலியன் ஆண்டே வசதி, ஒளியாண்டின் வரையறையும் அதையே அடிப்படையாகக் கொண்டது. நாட்காட்டி ஆண்டுகளின் நீண்டகாலச் சராசரியைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் 3,15,56,952-ஐ எடுத்துக்கொள்ளலாம்.