டப்பா மூடியில் ஒட்டிய கியூஆர்: இரண்டரை வருட அனுபவம்

ஈரோட்டில் வீட்டோடு சேர்ந்த சின்ன யூனிட் எங்களுடையது. சத்துமாவு, இட்லிப் பொடி, பருப்புப் பொடி என்று மூன்றே சரக்கு. பெருந்துறை, பவானி பக்கம் இருபது மளிகைக் கடைகளில் போடுகிறோம். அவ்வப்போது கண்காட்சிகளில் ஸ்டால். கடையில் வாங்குகிறவர் யார், ஏன் வாங்கினார், மறுபடி வாங்கினாரா, எதுவுமே நமக்குத் தெரியாது. அதற்காகத்தான் பாக்கெட்டோடு ஒரு சீட்டும் அதில் ஒரு கியூஆர் கோடும் வைக்க ஆரம்பித்தேன். இரண்டரை வருஷத்தில் நான்கு முறை மாற்றி அச்சடித்திருக்கிறேன்.

முதல் சீட்டு விசிட்டிங் கார்டு அளவு, வழவழ ஆர்ட் பேப்பர். "எங்களைப் பின்தொடருங்கள்" என்று இன்ஸ்டாகிராம் கியூஆர். ஆயிரம் சீட்டு போனது. வந்த புது ஃபாலோயர்கள் முப்பது பேர் இருக்கலாம், ஆர்டர் ஒன்றுகூட இல்லை. நம்மிடம் வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். இன்ஸ்டாகிராம் கணக்கே இல்லாத போனில் ஸ்கேன் செய்தால் லாகின் கேட்கும், அதோடு மூடிவிடுவார்கள். வாட்ஸ்அப் மட்டும் எல்லார் கையிலும் இருக்கிறது. சரி என்று இரண்டாவது அச்சில் வாட்ஸ்அப்புக்கு மாறினேன்.

அங்கேதான் பெரிய அடி வாங்கினேன். "இலவச கியூஆர்" என்று தேடி முதலில் கிடைத்த தளத்தில் கோடு செய்து மூவாயிரம் சீட்டு அடித்துவிட்டோம். இரண்டு வாரம் மெசேஜ் வந்தது. அப்புறம் சட்டென்று அமைதி. விற்பனை மந்தம் என்றுதான் நினைத்தேன். பவானியில் இருந்து ஒரு அம்மா ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய பிறகுதான் விஷயம் புரிந்தது: "இந்தக் கோடு நிறுத்தப்பட்டுள்ளது" என்று ஒரு பக்கம், மாதக் கட்டணம் கட்டினால் மீண்டும் ஓடுமாம். அவர்கள் கொடுத்தது டைனமிக் கோடு. அதாவது கோட்டுக்குள் இருப்பது நம் முகவரி அல்ல, அவர்களுடைய முகவரி. அங்கே போய்த்தான் நம்மிடம் திருப்பி அனுப்பும். கட்டணம் கட்டாவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். போன் கேமராவைக் காட்டினால், திறப்பதற்கு முன்பே முகவரி சின்னதாகத் தெரியும். அதில் வாட்ஸ்அப்பின் wa.me என்றோ நம் சொந்த டொமைன் பெயரோ இல்லாமல் வேறு ஏதாவது இருந்தால் அந்தக் கோடு நம் கையில் இல்லை.

அதே சீட்டில் கோட்டை மட்டும் மாற்றி, அடுத்து நான் வைத்தது நேரடி முகவரி, இவ்வளவுதான்:

```
https://wa.me/919XXXXXXXXX?text=K7
```

நாட்டு எண் 91, உடனே பத்து இலக்கம். பிளஸ் குறியும் வேண்டாம், முன்னால் பூஜ்யமும் வேண்டாம். ஸ்கேன் செய்ததும் வாட்ஸ்அப் திறந்து, தட்டச்சுப் பெட்டியில் K7 என்று தயாராக நிற்கும். அனுப்பு பட்டனை அழுத்தினால் போதும். K7 என்பது பவானிக் கடை ஒன்றுக்கு நான் வைத்த குறி. எந்தக் கடைப் பாக்கெட்டில் இருந்து ஆள் வருகிறார் என்பது ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துவிடுகிறது. ஆனால் கடைக்கு ஒரு கோடு என்றால் இருபது வகைச் சீட்டைக் கலக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இரண்டு முறை கலந்தது. இப்போது பெரிய கடைகள் ஐந்துக்கும் கண்காட்சிக்கும் மட்டும் தனிக் குறி. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே குறி.

"K7 என்று மொட்டையாக வருகிறதே, அழகாகத் தமிழில் ஒரு வரி வைக்கலாமே" என்று என் தங்கை கேட்டாள். வைத்துப் பார்த்தேன். "வணக்கம், சத்துமாவு மீண்டும் வேண்டும்." முகவரிக்குள் போகும்போது தமிழ் எழுத்து அப்படியே போகாது. வ என்ற ஒரு எழுத்து `%E0%AE%B5` என்று ஒன்பது குறிகளாக விரியும். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனியாக ஒன்பது ஒன்பது. இந்தச் சின்ன வரி முகவரியை முன்னூறு எழுத்துக்கு மேல் கொண்டுபோய்விட்டது. K7 மட்டும் இருந்தபோது கோடு ஒரு பக்கத்துக்கு 29 கட்டம். தமிழ் வரி சேர்ந்ததும் 73. இரண்டு செ.மீ. சதுரத்தில் 73 கட்டம் என்றால் ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர்தான். உள்ளூர் பிரஸ்ஸில் மை கொஞ்சம் பரவினாலே பக்கத்துக் கட்டம் நிரம்பிவிடும். என் போனில் படித்தது, மாமியாரின் பழைய போனில் படிக்கவே இல்லை. அந்த வரியை விட்டுவிட்டேன். தமிழ் வணக்கத்தை நம் பக்கத்துப் பதிலில் வைத்துக்கொண்டால் ஆயிற்று.

இன்னொரு சிக்கலை நான் எதிர்பார்க்கவே இல்லை. நம் ஊரில் கியூஆர் என்றாலே பணம் கட்டுவதுதான். பாதிப் பேர் கேமராவை எடுப்பதில்லை, ஜிபேயைத் திறந்து காட்டுகிறார்கள். அது தப்பான கோடு என்று சொல்லிவிடும். சிலருக்குப் பயமும் உண்டு. கண்காட்சியில் ஒரு பெரியவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெ ஸ்கேன் பண்ணுனா அக்கவுண்ட்ல இருந்து காசு போயிருமுங்களா?" என்றார். அன்றிலிருந்து கோட்டுக்கு மேலேயே எழுதிவிட்டேன்: "இது பணம் கட்டும் கோடு அல்ல. போன் கேமராவில் காட்டுங்கள், எங்கள் வாட்ஸ்அப் திறக்கும்." கீழே போன் நம்பரைப் பெரிய எழுத்தில் போட்டேன். மறு ஆர்டருக்கு வருகிறவர்களில் மூன்றில் ஒருவர் கோட்டைத் தொடுவதே இல்லை, நம்பரைப் பார்த்து நேரே கூப்பிடுகிறார்.

இதையெல்லாம் சரி செய்தும் சீட்டு பெரிதாக எடுபடவில்லை. ஆயிரம் சீட்டுக்குப் பதினைந்து மெசேஜ் வந்தால் அதிகம். காரணம் என் அத்தை வீட்டுச் சமையலறையில்தான் புரிந்தது. நான் கொடுத்த பாக்கெட்டைக் கத்தரித்தார், மாவை எவர்சில்வர் டப்பாவில் கொட்டினார், பாக்கெட்டையும் சீட்டையும் சேர்த்துக் குப்பைக்கூடையில் போட்டார். மொத்தம் ஒரு நிமிஷம். மாவு தீரப்போவது இருபது, இருபத்தைந்து நாள் கழித்து. திரும்ப வாங்கும் எண்ணம் வருகிற அன்று அவர் கையில் இருப்பது வெறும் டப்பா மட்டும்.

அதனால் மூன்றாவது அச்சில் சீட்டை விட்டுவிட்டு, டப்பா மூடியில் ஒட்டும் வட்ட ஸ்டிக்கராக மாற்றினேன். ஐந்து செ.மீ. விட்டம், நடுவில் இரண்டரை செ.மீ. கோடு. ஆனால் சும்மா கொடுத்தால் யாரும் ஒட்ட மாட்டார்கள். ஒட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு உபயோகம் வேண்டும். மேலே "சத்துமாவு" என்று பெரிதாக, கீழே "திறந்த தேதி: ____" என்று பேனாவால் எழுத இடம். எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும் வீட்டில் எது இட்லிப் பொடி, எது பருப்புப் பொடி என்று தெரிவதற்காகவே ஒட்டினார்கள். முதல் ஆயிரம் ஸ்டிக்கருக்கு அறுபத்துச் சொச்சம் மெசேஜ். அதில் நாற்பது பேருக்குக் கிட்ட மறுபடி வாங்கினார்கள்.

பொருள் விஷயத்திலும் அடிபட்டுத்தான் கற்றேன். பேப்பர் ஸ்டிக்கர் எண்ணெய்க் கையும் ஆவியும் பட்டு ஒரே மாதத்தில் ஊறி உரிந்தது. பளபள லேமினேஷன் ட்யூப்லைட் வெளிச்சத்தைத் திருப்பி அடித்ததால் கேமரா தடுமாறியது. இப்போது வெள்ளை பிவிசியில் மேட் லேமினேஷன். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோடு வெள்ளையில் கறுப்புதான். டிசைனர் பச்சைப் பின்னணியில் வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தார், அழகாகவே இருந்தது, ஆனால் சில போன்களில் அசையவே இல்லை. கோட்டைச் சுற்றி நான்கு கட்ட அகலமாவது வெற்றிடம் வேண்டும்; அதையும் பூக்கொடி வரைந்து நிரப்பியிருந்தார். இன்னொன்று: ஸ்டிக்கரை மாவுக்குள் போடாதீர்கள். அச்சு மை உணவில் படக்கூடாது, ஸ்டேப்ளர் பின்னும் கூடாது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் வெளியே டபுள் டேப்பால் ஒட்டுகிறோம்.

இன்ஸ்டாகிராமில் தேடிய "பின்தொடர்தல்" கடைசியில் நம்பரைச் சேமிப்பதில் வந்து நின்றது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் நாம் அனுப்புவது, நம் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போகும். ஸ்டேட்டஸும் அப்படித்தான். இது தெரியாமல் ஆறு மாதம் இருநூறு பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பலருக்குப் போகவே இல்லை. இப்போது K7 வந்ததும் வணக்கத்தோடு எங்கள் கான்டாக்ட் கார்டையும் அனுப்பி, "சேமித்துக்கொள்ளுங்கள், மாவு அரைக்கும் நாளைச் சொல்கிறோம்" என்கிறேன். மாதம் ஒரு மெசேஜ், அவ்வளவுதான். தீபாவளிக்கு ஒரே வாரத்தில் மூன்று அனுப்பி, பன்னிரண்டு பேர் பிளாக் செய்தார்கள்.

கடைக்காரர்கள் பக்கம் வருகிறேன். ஸ்டிக்கர் வந்த மூன்றாம் மாதம் பெருந்துறைக் கடை அண்ணன் கூப்பிட்டார். "ஏனுங்க, எங்கடை ஆளுகளை நீங்க நேரா கூட்டிட்டுப் போயிட்டா, நான் என்னத்துக்குங்க உங்க பாக்கெட்டை வெக்கறது?" நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு இரண்டு விதி வைத்தேன். நேரடி ஆர்டருக்கு எம்.ஆர்.பி.யில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டேன். கடைக்குப் பக்கத்தில் இருப்பவர் கேட்டால், "அண்ணன் கடையில் புது மாவு இறங்கியிருக்கிறது" என்று அங்கேயே அனுப்பிவிடுவேன். பெரிய கடைகள் என்றால் குறியைப் பார்த்தாலே எது என்று தெரியுமே. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் லாபம். அரைக்கிலோ பாக்கெட்டுக்குக் கூரியர் சேர்த்தால் வாங்குகிறவருக்குக் கட்டுவதில்லை. நேரடி ஆர்டர் நிஜமாகவே பலன் தந்தது கண்காட்சியில் வாங்கிக்கொண்டு வெளியூர் போனவர்களிடம்தான். சேலம், திருச்சி என்று இருப்பவர்கள் மூன்று நான்கு பாக்கெட்டாகச் சேர்த்து எடுக்கிறார்கள். உள்ளூர்க் கடைக்கு மட்டும் போடுகிறவர் என்றால், பிவிசி செலவுக்கு முன் இதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நேரடிக் கோட்டில் ஒரு குறை உண்டு: அச்சடித்த பிறகு நம்பரை மாற்ற முடியாது. அதனால் நான்காவது அச்சில் சொந்த டொமைன் முகவரி போட்டு, அங்கிருந்து வாட்ஸ்அப்புக்குத் திருப்பியிருக்கிறேன். வருஷா வருஷம் டொமைனைப் புதுப்பிக்க மறக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முந்தைய ஸ்டிக்கர்கள் நாலாயிரத்துக்கு மேல் யார் யார் வீட்டு மூடியிலோ இருக்கின்றன. அவற்றில் உள்ள நம்பரின் சிம்மை ஒரு பழைய போனில் போட்டு வைத்திருக்கிறேன். ரீசார்ஜ் தேதியைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார் வீட்டுக்காரர்.