புழு வளர்ப்பு மனைக்கு DHT22-ஆ, SHT31-ஆ?

கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பட்டுப்புழு மனையில் ஈரப்பதம் அளக்க இரண்டு சென்சார்களின் டேட்டாஷீட்டையும் விரித்தேன். முதலில் பார்த்தது இயக்க மின்னழுத்தம். DHT22-இன் கீழ் எல்லையே 3.3 வோல்ட், நீண்ட கம்பியில் சற்றுக் குறைந்தாலும் வரம்புக்கு வெளியே போய்விடும். SHT31 2.4 வோல்ட்டிலும் இயங்கும்.

ஆனால் தீர்மானிப்பது நேரக்கணக்குதான். DHT22 ஒற்றைத் தரவுக் கம்பியில் பேசுகிறது: துடிப்பு 26 முதல் 28 மைக்ரோவினாடி உயர்ந்திருந்தால் 0, 70 என்றால் 1. அந்த நேரத்தில் கன்ட்ரோலர் வேறு வேலைக்குத் திரும்பினால் எண்ணிக்கை தவறும். செக்சம் பொருந்தாமல் போவதே அதற்கு அடையாளம். அடுத்த அளவீட்டுக்கு 2 வினாடி காத்திருக்கவும் வேண்டும்.

SHT31-க்கு ஐ2சி. கடிகாரத் துடிப்பை நம் கன்ட்ரோலரே தருவதால் சிறு தாமதம் எதையும் கெடுக்காது. கட்டளை அனுப்பி 16 மில்லிவினாடி கழித்துப் படித்தால் போதும். வைஃபையும் சேர்ந்து ஓடும் பலகைக்கு நான் இதையே வாங்குவேன்.