ஆளுக்குப் பின்னால் எழுத்து: மூன்று வருடம் மாஸ்க் போட்ட அனுபவம்

தண்டையார்பேட்டையில் சின்ன அறை ஒன்றில் எடிட்டிங் செய்கிறேன். பாக்ஸிங் பயிற்சி, கால்பந்து, கல்யாணம், கோயில் திருவிழா என்று வருகிற வேலைகளில் பாதிப்பேர் ஒன்றையே கேட்கிறார்கள்: ஆள் முன்னால் அசைய, பெயர் அவருக்குப் பின்னால் பெரிதாக நிற்க வேண்டும். மூன்று வருடமாக இதை DaVinci Resolve என்ற எடிட்டிங் மென்பொருளில், ஆளைத் தானாகப் பிரித்தெடுக்கும் Magic Mask கொண்டும், தேவைப்பட்ட இடத்தில் ரோட்டோ, அதாவது ஆளின் விளிம்பைச் சுற்றிக் கையால் வரைந்தும் செய்து வருகிறேன்.

அடுக்குமுறை எளிதுதான். அடியில் அசல் வீடியோ, அதன்மேல் தலைப்பு, அதற்கும் மேலே அதே வீடியோவின் நகல். நகலில் ஆளை மட்டும் மாஸ்க் செய்து, கலர் பக்கத்தில் Add Alpha Output கொடுத்து, நோடின் நீல முனையை அதோடு இணைத்தால் ஆளைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். எழுத்து ஆளுக்கும் பின்னணிக்கும் நடுவே போய் நின்றுவிடும்.

இந்த அடுக்கை நன்றாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். எனக்கு அது புரிய ஒரு வருடம் ஆனது. மாஸ்க் எங்கே பிசகினாலும் அடியில் அதே படம்தான் இருக்கிறது. காலில் மாஸ்க் கிழிந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எழுத்தின் மேல் ஆளின் விளிம்பு போகிற இடத்தில் மட்டும்தான் பிழை தெரியும். முதல் வருடம் நான் தலை முதல் கால் விரல் வரை சுத்தம் செய்துகொண்டிருந்தேன். நாலு விநாடி ஷாட், 25 ஃபிரேம் கணக்கில் 100 ஃபிரேம். ஒரு நாள் முழுக்கப் போகும். இப்போது எழுத்தை எங்கே வைப்பது என்று முதலில் முடிவு செய்கிறேன். அதற்கு அப்புறம்தான் மாஸ்க்கில் கை வைக்கிறேன்.

போன வருடம் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். காசிமேட்டில் ஒரு மொட்டை மாடி. விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் ஸ்கிப்பிங் செய்கிறான். கேமரா ட்ரைபாடில், பின்னால் வெளிறிய வானம். தலைப்பு ‘காசிமேடு’.

முதலில் வந்த சிக்கல் எழுத்துடையது. பையன் நடுவில் நின்றான், அவன் தலை சரியாக இரட்டைக் கொம்பை மறைத்துவிட்டது. திரையில் ‘காசிமடு’ என்று இருந்தது. மேடு மடுவாகிவிட்டது! தமிழில் இதைக் கவனிக்காமல் விடவே கூடாது. எழுத்தின் உடல் பாதி மறைந்தாலும் வாசித்துவிடலாம். கொம்போ புள்ளியோ முழுதாக மறைந்தால் அது வேறு சொல். தலையை ‘சி’க்கும் ‘மே’க்கும் நடுவில் வர வைக்க இடைவெளியைக் கூட்டிப் பார்த்தேன். கொம்பு ‘ம’வை விட்டுத் தனியாகத் தள்ளிப் போய் நின்றது. அன்றிலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனித் தலைப்பாகத் தட்டி, வேண்டிய இடத்துக்கு நகர்த்துகிறேன். ‘காசி’ தலைக்கு இடப்பக்கம், ‘மேடு’ வலப்பக்கம், தோள்களும் கைகளும் மட்டும் எழுத்தின் அடிப்பகுதியைத் தொடுகிற மாதிரி வைத்தேன். மாஸ்க் கச்சிதமாக இருக்க வேண்டிய இடம் அதிலேயே மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

அடுத்தது தானியங்கி மாஸ்க். எந்த ஃபிரேமில் ஆளைக் குறிக்கிறோம் என்பது முக்கியம். முதல் ஃபிரேமில் ஆரம்பிப்பது வழக்கம், ஆனால் அங்கே கைகள் உடம்போடு ஒட்டியிருந்தால் மாஸ்க் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். கைகள் விரிந்து, முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே வானம் தெரிகிற ஃபிரேமைத் தேடி, அங்கே குறித்து, மற்ற ஃபிரேம்களிலும் மாஸ்க் ஆளைத் தொடரும்படி முன்னும் பின்னும் ட்ராக் செய்தேன். அப்படியும் சில ஃபிரேம்களில் அந்த இடைவெளி அடைபட்டுவிடும். கண்டுபிடிப்பது சுலபம்: கைக்கும் உடம்புக்கும் நடுவே எழுத்து தெரிய வேண்டிய இடத்தில் ஒரு துண்டு வானம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஃபிரேமில் அந்த ஓட்டையைக் கழித்துக் குறித்துவிட்டு, மறுபடி ட்ராக் செய்ய வேண்டும்.

விளிம்பு துடிப்பது இன்னொரு தொல்லை. நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு ஃபிரேமும் நன்றாகத்தான் இருக்கும். ஓட விட்டால் தோள் ஓரம் கொதிக்கிற மாதிரி நெளியும். தலைப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரே நிறப் பலகையை வைத்து முழு வேகத்தில் ஓட்டினால் எந்த ஃபிரேம்களில் என்று பிடித்துவிடலாம். மாஸ்க்கை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே சுருக்கி, அதே அளவு மங்கலாக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு மேல் சுருக்கினால் விரல்கள் மெலிந்துபோகும்.

இதையெல்லாம் முடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் ஒரே தடவைதான் பார்த்தார். “இன்னாபா, கயிறு எழுத்துக்குப் பின்னாடி பூடுது?”

உண்மைதான். பையன் எழுத்துக்கு முன்னால், அவன் சுற்றுகிற கயிறு எழுத்துக்குப் பின்னால். சுற்றுகிற கயிறு ஒரு ஃபிரேமில் மெல்லிய கோடு, அடுத்த ஃபிரேமில் வெறும் மங்கிய தீற்றல். ஆளைத் தேடுகிற எந்த மாஸ்க்குக்கும் அது ஆளின் பகுதியாகப் படாது. கையால் வரையலாம் என்று உட்கார்ந்தேன். விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு சுற்று, நாலு விநாடிக்கு எட்டு. சுற்றுக்குச் சுற்று வளைவின் உருவம் வேறு. இரண்டு சுற்றிலேயே கை ஓய்ந்துவிட்டது. வரைந்த கயிறும் வெட்டி ஒட்டிய மாதிரிதான் இருந்தது. தீற்றலுக்கு விளிம்பே கிடையாதே, எதைச் சுற்றி வரைவது?

விடை வானத்திலேயே இருந்தது. கயிறு கறுப்பு, வானம் வெளுப்பு. அசல் வீடியோவின் இன்னொரு நகலைக் கறுப்பு வெள்ளையாக்கி, வானம் முழு வெள்ளையாகும் வரை கான்ட்ராஸ்ட்டை ஏற்றினேன். அதைத் தலைப்புக்கு மேலே வைத்து, கலக்கும் முறையை Multiply ஆக்கினேன். இந்த முறையில் வெள்ளை எதையும் மாற்றாது. இருட்டு மட்டும் கீழே இருப்பதை இருட்டாக்கும். கயிறு தன் தீற்றலோடு, அதே மென்மையோடு எழுத்தின் மேல் வந்து விழுந்தது. எதிர்பார்க்காத லாபம், தலைமுடியும் இழை இழையாக வந்தது. மாஸ்க்கில் அது எப்போதும் தொப்பி போட்ட மாதிரி வழித்துக்கொண்டு நிற்கும். நிறத்துடன் உடம்பு வேண்டும் என்பதால் மாஸ்க் செய்த நகலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

இதற்கு எல்லை உண்டு. எழுத்து வெளிர் நிறமாக இருக்க வேண்டும். நான் மஞ்சள் வைத்தேன். கறுப்பு எழுத்தில் கறுப்புக் கயிறு தெரியாது. பின்னால் இருக்கும் மின்கம்பியும் பறக்கிற காக்காவும்கூட இருட்டுதான், அவையும் எழுத்தின் மேல் வந்து உட்காரும். அதனால் அந்த நகலைப் பையனையும் கயிறு சுற்றும் வட்டத்தையும் சுற்றி ஒரு தளர்வான மாஸ்க்கால் அடைத்தேன். வட்டத்துக்குள்ளேயே வந்த ஒரு கம்பியை மட்டும் கையால் மறைத்தேன்.

எழுத்தின் நிறம் விளிம்புக்கும் உதவுகிறது. வேகமாக அசைகிற கையின் ஓரத்தில் தோல் நிறமும் வானமும் கலந்திருக்கும். கருஞ்சிவப்பு எழுத்தின் மேல் அந்தக் கலவை வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரியும். வானத்தின் வெளிச்சத்துக்கு நெருங்கிய நிறத்தில் அது கரைந்துபோகும்.

கையால் ரோட்டோ வரைந்தது கடைசியில் ஒரே இடம். கயிற்றின் பிடியோடு வலது மணிக்கட்டு ‘டு’வின் ஓரத்தைக் கடக்கும் ஃபிரேம்கள். முன்கைக்கு ஓர் உருவம், முஷ்டிக்கு ஓர் உருவம் என்று தனித்தனியே வரைந்தேன். கை மேலே போய் நிற்கும் ஃபிரேமிலும் கீழே வந்து நிற்கும் ஃபிரேமிலும் முதலில் உருவத்தைப் பொருத்திக் கீஃப்ரேம் வைத்தேன், அப்புறம் நடு ஃபிரேமில், அப்புறம் விலகுகிற இடத்தில் மட்டும். ஒவ்வொரு ஃபிரேமிலும் புள்ளிகளை நகர்த்தினால் நாமே ஒரு துடிப்பை உண்டாக்கிவிடுவோம்.

மொத்தம் ஒன்றரை மணி நேரம். இதே வேலையைக் கேமராவைக் கையில் பிடித்து எடுத்திருந்தால், எழுத்தையும் பின்னணியோடு ட்ராக் செய்து ஒட்ட வேண்டியிருக்கும். ஏலம் நடக்கும் நேரத்தில் மீன் சந்தையில் எடுத்த ஷாட்டுக்கும் கேட்கிறார்கள். ஆளுக்கு முன்னால் கூடையும் தலையுமாகப் பத்துப் பேர் குறுக்கே போகிறார்கள். அதற்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. அதே ஆளைச் சந்துக்குள் தனியாக நிற்கவைத்து இன்னொரு ஷாட் எடுத்துத் தரச் சொல்கிறேன்.