மூக்கெலும்பு உடைந்தால்: இன்றே நிமிர்த்துவதா, ஐந்தாம் நாளா, ஆறு மாதம் கழித்தா?

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு சாயங்காலம் ஐந்தரை மணி, ஏற்காட்டில் ஒரு கபடி ஆட்டம். 22 வயதுப் பையனின் மூக்கில் இடப்பக்கமிருந்து எதிராளியின் முழங்கை இடிக்கிறது. 'கடக்'கென்று ஒரு சத்தம், ரத்தம், மூக்கு வலப்பக்கம் சாய்ந்தது போல ஒரு தோற்றம். உடனே 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலத்துக்குப் போகவேண்டுமா, திங்கள் காலையில் போனால் போதுமா?

முதலில் ரத்தம். பையனை உட்காரவைத்து, தலையை முன்பக்கம் குனியச் சொல்லி, மூக்கின் கீழ்ப்பகுதியை, அதாவது எலும்புக்குக் கீழே உள்ள மெத்தென்ற இடத்தை, விடாமல் 10 முதல் 15 நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். அண்ணாந்து பார்க்கச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம். அப்படிச் செய்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கி, பிறகு வாந்தியாக வரும்.

இனி எலும்பு. அடிபட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், வீக்கம் ஏறுவதற்கு முன்பே பார்த்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும், விரலுக்கும் தட்டுப்படும். அந்த நேரத்தில் இ.என்.டி மருத்துவர் கையில் கிடைத்தால் உடனே நிமிர்த்துவது நல்ல வழிதான். ஆனால் மைதானத்திலிருந்து கிளம்பி, மலை இறங்கி, சீட்டு போட்டு, மருத்துவர் முன் உட்காரும்போது மணி எட்டாகிவிடும். அதற்குள் கண்ணோரம் வரை உப்பிவிடும். வீக்கத்தின் மேல் கைவைத்து நிமிர்த்துவது குருட்டுக் கணக்கு. நேராகிவிட்டதா என்று செய்தவருக்கே தெரியாது. பாதி நிமிர்ந்ததை முழுசாக நிமிர்ந்ததாக நினைத்து விட்டுவிடுவார்கள், வீக்கம் வடிந்த பிறகு கோணல் வெளியே வரும்.

அதனால் பெரும்பாலோருக்குச் சரியான வழி இரண்டாவதுதான்: வீக்கம் வடியக் காத்திருந்து, மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில் மறுபடி பார்த்து, பெரியவர்களுக்கு ஏழு முதல் பத்து நாளுக்குள் நிமிர்த்துவது. ஞாயிறு அடிபட்டவருக்கு வெள்ளிக்கிழமை வாக்கில் உருவம் தெளிவாகும். இரண்டு வாரம் தாண்டினால் எலும்பு கூட ஆரம்பித்து, சும்மா தூக்கினால் அசையாது. குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் கூடிவிடும், அவர்களுக்கு ஒரு வாரம்தான் கெடு. காத்திருக்கும் நாட்களில் தலையணையை உயர்த்திப் படுப்பது, முதல் இரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றி 10 நிமிடம் ஒற்றுவது, வலிக்குப் பாராசிட்டமால். மூக்கைச் சிந்தக்கூடாது.

எக்ஸ்ரே இங்கே பெரிதாக உதவாது. மூக்கெலும்பில் இயல்பாகவே உள்ள பொருத்துக் கோடுகளும் நரம்பு போகும் பள்ளங்களும் படத்தில் விரிசல் மாதிரியே தெரியும். நிஜமான முறிவு சில சமயம் தெரியாமலும் போகும். வழக்கு, காப்பீடு என்று வந்தால் படத்துக்கு மதிப்பு உண்டு. நிமிர்த்தலாமா வேண்டாமா என்ற முடிவு மட்டும் கண்ணாலும் கையாலும் எடுப்பது. அதற்கு உதவுவது அடிபடுவதற்கு முன் எடுத்த போட்டோ. முன்பே கொஞ்சம் கோணலாக இருந்த மூக்கை நேராக்கப் பாடுபடுவதில் பொருளில்லை. செல்ஃபியைக் காட்டும்போது கவனம்: சில போன்கள் இடம் வலத்தை மாற்றிப் பதியும்.

இதுவரை சொன்னதெல்லாம் எலும்பின் கணக்கு, எலும்பு காத்திருக்கும். வீக்கம் மறைக்கும் இன்னொன்று காத்திருக்காது. இரண்டு துவாரத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு குருத்தெலும்புத் தகடு. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து ஊறி வரும் சத்தில்தான் அது வாழ்கிறது. அடிபட்டதில் அந்தச் சவ்வு பிரிந்து நடுவில் ரத்தம் தேங்கினால், தகடு பட்டினியில் மூன்று நான்கு நாளில் அழுக ஆரம்பிக்கும். சீழ் பிடித்தால் இன்னும் வேகம். சில மாதத்தில் மூக்கின் நடுமேடு உள்வாங்கி, குதிரைச் சேணம் போலக் குழிந்துவிடும். வெளியே எலும்பு உடையாமலேகூட இது நடக்கும். குழந்தைகளிடம் அதிகம் தப்பிப்போவதும் இதுதான்.

கண்டுபிடிப்பது எப்படி? மூக்கு நுனியை மேலே தூக்கி டார்ச் அடித்தால், நடுச்சுவரிலிருந்து பெரும்பாலும் இரண்டு பக்கமும் பழுத்த நாவல்பழம் மாதிரி சிவந்தோ நீலம் பாய்ந்தோ புடைத்திருக்கும். வளைந்த சுவர் என்றால் தொட்டால் கல்லு மாதிரி இருக்கும், ரத்தக்கட்டு அமுங்கும். மூக்கடைப்புச் சொட்டு மருந்து விட்டால் சாதாரண வீக்கம் சுருங்கும், இது சுருங்காது. தொட்டுப் பார்ப்பது மருத்துவர் வேலை. வீட்டில் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: நாளாக ஆக வலியும் அடைப்பும் குறைகிறதா, கூடுகிறதா?

நம் பையனுக்கு வருவோம். ஞாயிறு இரவு பார்த்தபோது சுவர் நன்றாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை வரச் சொல்லி அனுப்பினார்கள். செவ்வாய் இரவு வெளிவீக்கம் வடிகிறது, ஆனால் இரண்டு துவாரமும் அடைத்துக்கொண்டு மூக்கு நுனி தொட்டாலே துடிக்கிறது. 'வெள்ளிக்கிழமைதானே வரச் சொன்னார்கள்' என்று இருந்துவிட்டால் கெட்டது. ரத்தக்கட்டு தாமதமாகவும் சேரும், அதனால்தான் இரண்டு மூன்று நாளில் ஒருமுறை உள்ளே பார்க்கவேண்டும் என்பது. அவனுக்கு அன்றே கீறி ரத்தத்தை எடுத்து, சவ்வு மறுபடி ஒட்ட தையலோ அடைப்புத் துணியோ வைத்து, ஆன்டிபயாடிக் கொடுக்கவேண்டும். வெளிவீக்கம் போதுமான அளவு வடிந்து, சீழும் இல்லையென்றால் அதே மயக்கத்தில் எலும்பையும் நிமிர்த்திவிடலாம்.

அந்த வேலை சில நிமிடம்தான். தட்டையான நெம்புகோலை மூக்கின் வெளியே வைத்து அளந்து, மூளைப் பக்கம் போய்விடாத ஆழத்துக்கு அடையாளம் வைத்து உள்ளே விடுவார்கள். அமுங்கிய இடது எலும்பை உள்ளிருந்து தூக்கி, வெளியே கட்டைவிரலால் வலமிருந்து இடமாகத் தள்ளுவார்கள், அதாவது அடி வந்த திசைக்கு எதிராக. மேலே சுமார் ஒரு வாரத்துக்குப் பிளாஸ்டர் கட்டு. கபடிக்கு ஆறு வாரம் விடுப்பு, மூக்குக் கண்ணாடியும் சில வாரம் மேட்டில் உட்காரக்கூடாது.

எண்ணெய் போட்டு நீவி நேராக்குகிறவர்களிடம் போவதும் உண்டு. வெளிக்கோணல் சில சமயம் சரியாகலாம், நடுச்சுவரை அங்கே யாரும் டார்ச் அடித்துப் பார்ப்பதில்லை. என் ஆட்சேபம் அங்கேதான்.

மூன்றாவது வழி, ஆறு மாதம் கழித்து அறுவை சிகிச்சை. கெடு தாண்டியவர்களுக்கும், நடுச்சுவரே ஒடிந்ததால் நிமிர்த்தியும் திரும்பச் சாய்ந்தவர்களுக்கும் இதுதான் வழி. எலும்பை வெட்டி, சுவரையும் சேர்த்துச் சீராக்குவதால் முடிவு துல்லியம், செலவும் மயக்கமும் பெரிது. வளரும் பிள்ளைகளுக்கு வளர்ச்சி முடியும் வரை பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள். விலகாத விரிசல், மூச்சும் தாராளம் என்றால் மூன்று வழியும் வேண்டாம், தானே கூடிவிடும்.

ராத்திரியே மலை இறங்கவேண்டியது இவற்றுக்குத்தான்: அழுத்தியும் நிற்காத ரத்தம், குனிந்தால் தண்ணீர் போலச் சொட்டி உப்புக் கரிக்கும் திரவம் (மூளை நீராக இருக்கலாம்), இரட்டைப் பார்வை, பல்வரிசை பொருந்தாமை, மயக்கம் அல்லது தொடர் வாந்தி, கூடிக்கொண்டே போகும் இருபக்க அடைப்பு. வெறும் கோணல் மட்டும் என்றால் விடிந்ததும் கிளம்பலாம்.