டேப் எடுக்கல, பின் எடுத்தது: என் டெபிட் கார்டோடு இரண்டு வருடம்

தண்டையார்பேட்டை நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "ஆயிரம் ரூபாய்க்கே கார்டை மெஷின் மேல காட்டி டேப் பண்ணினா எடுக்கல, சொருகி பின் நம்பர் போட்டா போகுது. கார்டு போயிடுச்சா?" கார்டு நன்றாகத்தான் இருக்கும். எனக்கும் இதே நடந்திருக்கிறது.

பொங்கலுக்கு முன்பு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்தோம். முதல் கடையில் 2,350 ரூபாய், அடுத்ததில் 1,900. இரண்டும் டேப்பில் போனது. செருப்புக் கடையில் 980 ரூபாய்தான். மெஷின் சில நொடி யோசித்து மறுத்துவிட்டது. "சார், டேப் எடுக்கல. உள்ள சொருகி பின் போடுங்க" என்றார் கடைக்காரர். உடனே போனது. பின்னால் வரிசை நின்றதில் எனக்குக் கூச்சமாகிவிட்டது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் 'வரம்பு மீறியது' என்று மட்டும் இருந்தது. எந்த வரம்பு?

பின் இல்லாமல் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை டேப் செய்யலாம். 2021 ஜனவரிக்கு முன்பு அது 2,000. நான் அதைத் தாண்டவே இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது மெடிக்கலில் 120 ரூபாய்க்கு டேப் செய்து பார்த்தேன், எடுத்துக்கொண்டது! அப்போதுதான் புரிந்தது. ஆப்பில் கார்டு செட்டிங்கைத் திறந்தால், டேப்புக்கென்று தனியாக ஒரு நாள் வரம்பு, அதுவும் 5,000. காலையிலிருந்து 4,250 ஆகியிருந்தது. 980 சேர்ந்தால் 5,230, அதனால் மறுப்பு. 120 சேர்ந்தால் 4,370, அதனால் சம்மதம். சிப், பின் வழியாகப் போன பணம் வேறு கணக்கு. ஒரு நாளைக்கு இத்தனை டேப்தான் என்று வங்கி வைத்த எண்ணிக்கை வரம்பாக இருந்திருந்தால் 120-ம் போயிருக்காது.

சில கார்டுகளில் கணக்கு வேறு இடத்தில் இருக்கும். தொடர்ந்து எத்தனை முறை, எவ்வளவு பணம் பின் இல்லாமல் போனது என்று சிப்பே எண்ணிக்கொள்ளும். அது நிறைந்தால் மெஷின் வங்கியைக் கேட்காமலே, உடனே, கார்டைச் சொருகச் சொல்லும். குறுஞ்செய்தியும் வராது. ஒரு தடவை சொருகி பின் போட்டு, வங்கி சம்மதித்தால் அந்த எண்ணிக்கை அழிந்து டேப் திரும்ப வேலை செய்யும். வங்கி வைத்திருக்கும் நாள் வரம்பு அப்படியில்லை. பின் போட்டாலும் அதில் ஏறிய தொகை குறையாது, மறுநாள்தான் புதிதாகத் தொடங்கும். நண்பரிடமும் முதலில் கேட்டது இதைத்தான்: குறுஞ்செய்தி வந்ததா? வந்தது என்றார். அப்படியென்றால் ஆப்பில்தான் பார்க்க வேண்டும்.

ஆப்பிலேயே வரம்பை ஏற்றிக்கொண்டேன், இரண்டு நிமிட வேலை. பால், மருந்து, காய்கறிக்கு இந்த டேப் அவ்வளவு வசதி, மறுக்கவே மாட்டேன். ஆனால் கணக்கில் பணம் இருக்கும்போது, எந்த வரம்பு என்றுகூடச் சொல்லாமல் கூட்டத்தில் நிற்க வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. எம்.சி. ரோட்டில் இனி கார்டைச் சொருகி பின்தான் போடுவேன்.